செம்பனை ஆலைக் குளத்தில் இரண்டு குலங்கள்

மாணவர்களே, குளுவாங், கோத்தா திங்கி, சிகாமட் பக்கம் போகும்போது செம்பனை எண்ணெய் ஆலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் பின்புறத்தில் கரும்பழுப்பு நிறத்தில் வரிசையாகக் குளங்கள் இருக்கும். உற்றுப் பார்த்தால் நீரின்மேல் குமிழிகள் வந்துகொண்டே இருக்கும். சில ஆலைகளில் குளத்தைத் தடித்த விரிப்பால் மூடியிருப்பார்கள். அந்த விரிப்பு உள்ளே சேரும் வாயுவால் மேடாகப் புடைத்து நிற்கும். அந்த வாயுவில் பெரும்பங்கு மெத்தேன். அதை உருவாக்குவது பாக்டீரியா என்று நினைக்கிறீர்களா? இல்லை. அது ஆர்க்கியா செய்யும் வேலை.

ஆலையிலிருந்து வெளியேறும் கழிவுநீர் 80 முதல் 90 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் நார்த்துகளும் கலந்த அதில் அமிலத்தன்மையும் உண்டு. அதன் ஒரு லிட்டரைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படும். அப்படியே ஆற்றில் விட்டால் ஆற்றின் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும். அதனால்தான் ஆற்றில் விடும் நீரில் இந்த அளவு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று மலேசியச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது.

கழிவுநீரை முதலில் ஆறவைத்து, பிறகு காற்றுப் புகாத ஆழமான குளத்தில் பல வாரங்கள் தங்கவைக்கிறார்கள். அங்கே வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் பாக்டீரியா எண்ணெயையும் மாவுப்பொருளையும் உடைத்து அசெட்டிக் அமிலம், ஹைட்ரஜன், கரியமில வாயு ஆகியவற்றைத் தருகின்றன. அசெட்டிக் அமிலம் என்பது நம் வீட்டு வினிகரில் இருக்கும் அமிலம்தான். அடுத்து ஆர்க்கியா அவற்றை எடுத்து மெத்தேனாக மாற்றுகின்றன:

CH₃COOH → CH₄ + CO₂

மெத்தேன் தயாரித்தே உயிர்வாழும் நுண்ணுயிர்கள் அனைத்தும் ஆர்க்கியாதான்.

நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டுக்கும் உட்கரு கிடையாது. அதனால் நெடுங்காலம் எல்லாவற்றையும் பாக்டீரியா என்றே அழைத்தார்கள். 1977இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வூஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் ரைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மெத்தேன் தயாரிக்கும் உயிர்கள் மற்ற பாக்டீரியாவிலிருந்து வெகுதூரம் விலகி நின்றன. ஆர்க்கியா தனிக் குலம் என்பது அப்போதுதான் தெரியவந்தது.

அந்த வேறுபாட்டை உயிரணுச் சவ்வில் தெளிவாகக் காணலாம். இதைப் புரிந்துகொள்ள நம் மாநிலத்தின் இரண்டு பயிர்களே போதும்.

முதலில் செம்பனை எண்ணெய். அதில் கிளிசராலுடன் நீண்ட, நேரான கொழுப்பு அமிலச் சங்கிலிகள் எஸ்டர் பிணைப்பால் இணைந்திருக்கின்றன. பாக்டீரியாவின் சவ்வும் ஏறக்குறைய இதே முறையில் கட்டப்பட்டது. எண்ணெயில் மூன்று சங்கிலிகள் இருக்கும். சவ்வில் இரண்டு சங்கிலிகளும், மூன்றாவது இடத்தில் ஒரு பாஸ்பேட்டும் இருக்கும். எண்ணெயுடன் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் காய்ச்சினால் சவர்க்காரம் கிடைக்கும் என்று வேதியியல் பாடத்தில் படிப்பீர்கள். அங்கே உடைவது இந்த எஸ்டர் பிணைப்புதான்.

அடுத்து ரப்பர். ரப்பர் பாலில் உள்ள நீண்ட மூலக்கூறு, ஐசோப்ரீன் என்ற ஐந்து கார்பன் அலகு திரும்பத் திரும்பக் கோத்து உருவானது. ஆர்க்கியாவின் சவ்வுச் சங்கிலிகளும் ஐசோப்ரீன் அலகுகளால் ஆனவையே. பெரும்பாலும் நான்கு அலகுகள், அதாவது 20 கார்பன்கள் இருக்கும். அந்தச் சங்கிலியில் சிறு கிளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அது கிளிசராலுடன் சேர்வது ஈதர் பிணைப்பால். இந்தப் பிணைப்பு காரத்தில் காய்ச்சினாலும் எளிதில் உடையாது. ஆகவே ஆர்க்கியாவின் சவ்விலிருந்து சவர்க்காரம் காய்ச்ச முடியாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இரு குலங்களிலும் பாஸ்பேட் கிளிசராலின் எதிரெதிர் முனையில் சேர்கிறது. வலக்கையும் இடக்கையும் போல, ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம்.

சவ்வுக்கு வெளியே இருப்பது உயிரணுச் சுவர். பெரும்பாலான பாக்டீரியாவின் சுவர் பெப்டிடோகிளைகன் என்ற வலையால் ஆனது. நம் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் உள்ள லைசோசைம் நொதி அந்த வலையின் சர்க்கரை இழைகளை வெட்டுகிறது. பென்சிலின் அந்த வலையைப் பின்னவிடாமல் தடுக்கிறது. ஆர்க்கியாவில் பெப்டிடோகிளைகன் இல்லை. பலவற்றுக்குப் புரத ஓடுகளைப் பதித்ததுபோன்ற ஓர் உறைதான் சுவர். மெத்தேன் தயாரிக்கும் சில இனங்களில் பெப்டிடோகிளைகன் போலவே தோன்றும் வலை உண்டு. ஆனால் அதன் சர்க்கரையும் பிணைப்பும் வேறு. அதனால் லைசோசைமும் பென்சிலினும் அங்கே பலிப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் மெத்தேன் ஆர்க்கியாவைப் பிரித்தெடுக்க இதையே பயன்படுத்துகிறார்கள். காற்றில்லாத குப்பியில் ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் ஊட்டி, பென்சிலின் போன்ற மருந்தையும் சேர்க்கிறார்கள். பாக்டீரியா ஒடுங்கிவிடும், ஆர்க்கியா வளரும்.

ஆர்க்கியா என்றதும் கொதிக்கும் ஊற்று, உப்பளம் என்றுதான் பலரும் எழுதுவார்கள். அது பாதி விடைதான். சல்ஃபோலோபஸ் என்ற ஆர்க்கியா ஏறக்குறைய 80 பாகை செல்சியஸ் சூட்டில், கடும் அமில ஊற்றில் வாழ்கிறது. அதன் சவ்வில் இரண்டு அடுக்குகளும் இணைந்து ஒரே அடுக்காகிவிட்டதால் சூட்டில் பிரிந்து போவதில்லை. ஆனால் மெத்தேன் ஆர்க்கியா மாட்டின் இரைப்பையிலும் வயல் சேற்றிலும் நம் குடலிலும் வாழ்கின்றன. அவற்றுக்குத் தேவை ஆக்சிஜன் இல்லாத இடம். கொதிநீர் தேவையில்லை.

ஆலைக் குளத்து ஆர்க்கியா அமிலத்தைத் தாங்கும் வீரர்களும் அல்ல. அறுவடை மிகுந்த மாதங்களில் கழிவுநீர் அளவுக்கு மீறிக் குளத்துக்கு வந்தால், வேகமாகப் பெருகும் பாக்டீரியா அமிலத்தைக் குவித்துவிடும். அசெட்டிக் அமிலத்தை உண்ணும் ஆர்க்கியா இரட்டிப்பாகச் சில நாள்கள் ஆகும். அதனால் ஈடுகொடுக்க முடியாது. பிஎச் மதிப்பு 6.5க்குக் கீழே இறங்கினால் அவை இன்னும் தளர்கின்றன, அமிலம் இன்னும் சேர்கிறது. குமிழிகள் குறையும், புளித்த வாடை வீசும். கழிவுநீர் வரத்தைக் குறைத்து, சுண்ணாம்பு சேர்த்து, ஆர்க்கியா மீண்டும் பெருகும்வரை காத்திருக்க வேண்டும்.

ஈதர் பிணைப்பு அமிலத்தில் உடையாதே, பிறகு ஏன் இந்தத் தளர்ச்சி என்று கேட்பீர்கள். சவ்வு உடையாமல் இருப்பது வேறு, உள்ளே நொதிகள் வேலை செய்வது வேறு. அமில மூலக்கூறுகள் சவ்வைக் கடந்து உள்ளே போய்விடுகின்றன. உறுதியான வீட்டுக்குள்ளும் புகை நுழையும் அல்லவா?

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. ஆலைக் குளத்தில் நிறையப் பென்சிலினைக் கொட்டினால் மெத்தேன் என்னாகும்? ஆர்க்கியாவின் சுவருக்கு ஒன்றும் ஆகாது என்பதால் மெத்தேன் வந்துகொண்டே இருக்கும் என்று பதில் எழுதினால் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். முதலில் அசெட்டிக் அமிலமும் ஹைட்ரஜனும் இருக்கும்வரை மெத்தேன் வரும். அவற்றைத் தயாரிக்கும் பாக்டீரியா ஒடுங்கிவிட்டதால் இருப்பு தீர்ந்ததும் ஆர்க்கியா பட்டினி கிடக்கும், குமிழிகளும் நிற்கும். குலம் வேறானாலும் இரண்டுக்கும் உணவு ஒரே சமையலறையிலிருந்துதான் வருகிறது.