குருத்வாராவுக்குள் முதன்முறை

சீக்கியரின் வழிபாட்டிடமான குருத்வாராவுக்குள் எந்த மதத்தவரும் செல்லலாம். புகையிலை, மது கூடாது. செருப்பைக் கழற்றி, கால் கழுவி, தலையைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். துணி பெரும்பாலும் வாசலிலேயே கிடைக்கும்.

உள்ளே சிலையைத் தேடும் கண் ஏமாறும். விதானத்தின் கீழ், மேடையில் இருப்பது குரு கிரந்த சாகிப் என்னும் நூல். 1708இல் குரு கோவிந்த் சிங் அதையே இனி குரு என்று அறிவித்தார். ஆகவே அது வழிபடப்படும் புத்தகம் அல்ல, அவையில் வீற்றிருக்கும் ஆசான். இது பிடிபட்டால் மற்றவை தாமே விளங்கும்: எல்லாரும் தரையில் அமர்வதும், அதை நோக்கிக் கால் நீட்டாததும் அதனால்தான். வெளியார் விழுந்து வணங்க வேண்டியதில்லை. நம்பாததை நடிப்பதைவிட அமைதியாக அமர்ந்து கேட்பதே நேர்மை. அர்தாஸ் எனும் பொது வேண்டுதலின்போது மட்டும் எல்லாருடனும் எழுந்து நிற்கலாம்.

கோதுமை மாவு, நெய், சர்க்கரையில் கிண்டிய கடா பிரசாதத்தை இரு கைகளையும் குவித்து வாங்க வேண்டும். அதிகமென்றால் முன்பே "கொஞ்சம் போதும்" எனலாம். வாங்கியபின் வீசுவதுதான் புண்படுத்தும்.

பிறகு லங்கர். தரையில் வரிசையாக அமர்ந்து உண்ணும் இலவசச் சமபந்தி அது. ரொட்டியையும் இரு கையேந்தியே பெறுவார்கள். உண்டபின் பாத்திரம் கழுவ உதவ விரும்பினால், அங்குள்ள சேவகரிடம் கேட்டால் போதும்.