ஓவர்டைம் கூலியை நாமே சரிபார்ப்போம்

மலேசியத் தொழிற்சாலைகளில் இருக்கும் நம் திருவாரூர்ப் பிள்ளைகளின் சம்பளச் சீட்டில் நாம் முதலில் பார்க்க வேண்டியது மணிக்கூலி. அந்நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் நாள்கூலி வரும். தினசரி வேலை 8 மணி நேரம் என்றால், அதை 8ஆல் வகுத்தால் மணிக்கூலி. சம்பளம் 2,080 ரிங்கிட் என்றால் நாளுக்கு 80, மணிக்கு 10.

எட்டு மணி நேரத்துக்கு மேல் பார்க்கும் ஒவ்வொரு மணிக்கும் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, 15 ரிங்கிட். வார ஓய்வு நாளில் இரு மடங்கு, 20. பொது விடுமுறையில் மும்மடங்கு, 30. சீட்டில் 15க்குப் பதில் 13 இருந்தால், 26க்குப் பதில் 30ஆல் வகுத்திருக்கிறார்கள்.

அடுத்து, நாள் எந்த வகையில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தொழிற்சாலையின் விடுமுறைப் பட்டியலில் உள்ள பெருநாளன்று பிள்ளை 10 மணி நேரம் வேலை பார்த்ததாக வைப்போம். முதல் 8 மணி நேரத்துக்கு மாதச் சம்பளம் போக இரண்டு நாள்கூலி 160, மீதி 2 மணிக்கு 60, ஆக 220 ரிங்கிட் சேர வேண்டும். அதைச் சாதாரண நாளாக எழுதினால் கிடைப்பது 30தான், நஷ்டம் 190. இதைக் கேட்க ஆதாரம் வேண்டும். எனவே விடுமுறைப் பட்டியலையும் பஞ்ச் கார்டையும் மாதாமாதம் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.