மலையில் எழுதிய பெயர்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பஸ் ரம்பொடை வளைவுகளைத் தாண்டி லபுக்கலையை நெருங்கும்போது, சன்னலோரம் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். தேயிலைச் சரிவின்மேல் பெரிய வெள்ளை எழுத்துகள் நிற்கும். நெடுங்காலம் அவை ‘மேக்வுட்ஸ்’ என்று இருந்தன. இப்போது ‘டாம்ரோ’ என்று இருக்கின்றன.

மேக்வுட்ஸ் சின்னப் பெயரல்ல. வில்லியம் மேக்வுட் என்ற கப்பல் கேப்டன் 1841இல் தொடங்கிய கம்பெனி அது. பிறகு இலங்கைக் குடும்பம் ஒன்றின் கைக்கு வந்தது. 2010களின் நடுவில் தோட்டம் டாம்ரோவிடம் போனது. டாம்ரோ என்றால் ஊரில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கட்டிலும் அலுமாரியும்தான். அலுமாரிக் கடையின் தேயிலையை, பழைய பெயரை நம்பிக் குடித்தவர் எப்படி வாங்குவார்?

புது முதலாளி செய்த வேலையைக் கவனியுங்கள். வழியோரத் தேநீர் நிலையம் ‘மேக்வுட்ஸ் லபுக்கலை’யாக இருந்தது, ‘டாம்ரோ லபுக்கலை’ ஆனது. முன்பாதிதான் போயிற்று. தேநீரோடு சாக்லேட் கேக் சாப்பிடும் வழக்கமும் அங்கே அப்படியே தொடர்ந்தது.

‘லபுக்கலை’ என்ற பின்பாதிக்கு ஏன் இவ்வளவு பலம்? விடை கொழும்புத் தேயிலை ஏலத்தில் இருக்கிறது. 1883 முதல் நடக்கும் அந்த ஏலத்தில் தூள் விலைபோவது விற்பனைக் குறியின் பெயரில். ஏலப் பட்டியலில் ஒரு தோட்டத்துத் தூளை அடையாளம் காட்டும் பெயர்தான் அது. பெரும்பாலும் தோட்டத்தின் பெயரே குறியாக இருக்கும். வாங்குபவர் குறியைப் பார்க்கிறார், கிண்ணத்தை ருசிக்கிறார்; முதலாளி யார் என்பது அவருக்குப் பிறகுதான். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் வந்தது. பல தோட்டங்களின் பெயர்ப்பலகையில் மேல்வரி இப்படி இரண்டு மூன்று தடவை மாறியது. கீழ்வரியில் தோட்டத்தின் பெயர் அப்படியே கிடந்தது. லயத்தில் இருப்பவர்களும் தோட்டத்தை எப்போதும் தோட்டத்தின் பெயராலேயே சொல்கிறார்கள், துரை யாராக இருந்தாலும்.

நாடே இதைச் செய்திருக்கிறது. 1972இல் சிலோன், இலங்கைக் குடியரசு ஆனது. ஆனால் ஏற்றுமதித் தேயிலை இன்றும் ‘சிலோன் டீ’தான்.

பெயரை விடுங்கள், பெயர் மாறாமலே விற்பனை கெட்டுப்போகலாம். அமெரிக்காவில் 2009 சனவரியில் டிராபிகானா ஆரஞ்சுச் சாறு புதுப் பெட்டிக்கு மாறியது. உள்ளே அதே சாறு, வெளியே அதே பெயர். பழத்தில் ஸ்ட்ரோ குத்தி நிற்கும் பழைய படத்தை எடுத்துவிட்டு, ஒரு கிளாஸ் சாற்றைப் போட்டார்கள். எழுத்தின் வடிவத்தையும் மாற்றினார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்து, பழைய பெட்டியே திரும்பி வந்தது. கடைத் தட்டில் யாரும் நின்று வாசிப்பதில்லை. கை போவது நிறத்தையும் படத்தையும் தேடி. கண்ணாடி மறந்து கடைக்கு வந்த பாட்டிக்கு இது இன்னும் பொருந்தும்.

ஹட்டன் டவுனில் மூன்று தலைமுறையாகத் தூள் விற்கும் ஒரு குடும்பக் கடை என்று வைத்துக்கொள்வோம். பேரன் புதுப் பாக்கெட் போடுகிறான். அதே சமயம் தூள் கலவையையும் கொஞ்சம் திருத்துகிறான். இங்கேதான் ஆபத்து. பிறகு ஒரு கிழவர் “இப்பச் சாயமே இறங்கல்ல” என்றால், நாக்கு சொல்கிறதா, புது நிறத்தைப் பார்த்த கண் சொல்கிறதா என்று பிரிக்க முடியாது. ஆகவே ஒன்றை மாற்றும்போது மற்றதைத் தொடக்கூடாது.

நாக்கைத் தனியாகக் கேட்க ஒரு வழி உண்டு: முக்கோணச் சோதனை. மூன்று கோப்பையில் இரண்டு பழைய தூள், ஒன்று புதியது, அல்லது மாற்றி. ருசி பார்ப்போர் முறைப்படி, 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். பாக்கெட் கண்ணில் படக்கூடாது. எது வேறு என்று பழைய வாடிக்கையாளர் 30 பேரைக் கேளுங்கள். ஒன்றுமே தெரியாமல் குத்துமதிப்பாகச் சொன்னாலும் 10 பேருக்குச் சரியாக அமையும். 12, 13 பேர் என்றாலும் அதிர்ஷ்டமாக இருக்கலாம். 15 பேர் சொல்லிவிட்டால் நாக்கு கண்டுபிடித்துவிட்டது என்று கொள்ள வேண்டும். அந்தக் கலவையைப் பழைய பெயரில் விற்கக்கூடாது. 15க்குக் கீழே நின்றால் வித்தியாசம் இல்லவே இல்லை என்று நிரூபணமாகிவிடாது. 30 நாக்குக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நுவரெலியாப் பக்கம் சனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்றில் கொழுந்தின் மணம் ஏறும், மழைக்காலத்தில் இறங்கும். பெப்ரவரித் தூளையும் சூன் தூளையும் பக்கத்தில் வைத்தால், கலவையைத் தொடாமலே 30 பேரும் கண்டுபிடித்துவிடலாம். சோதனைக்கு இரண்டு தூளும் ஒரே வாரத்து அறுவடையாக இருக்க வேண்டும். அதைப் பேரன் மறந்தாலும், விடியற்காலை சாயத்தண்ணி ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் தாத்தா மறக்கமாட்டார்.