வெட்டச் சொன்ன இடமும் வீடியோ தொடங்கும் இடமும்

தங்கை மகளின் பள்ளி ஆண்டு விழா வீடியோ பென்டிரைவில் ஒரே கோப்பாக வந்தது. 2 மணி 11 நிமிடம், 6 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். அதில் எங்கள் வீட்டுப் பெண்ணின் கும்மி நாலு நிமிடம்தான். “அத மட்டும் வெட்டி அனுப்புண்ணா, குரூப்ல போடணும்” என்றாள் தங்கை. இன்னொன்றும் சொன்னாள். கும்மிக்கு முந்தைய ஆட்டத்தில் ஒரு பையனுக்கு வேட்டி அவிழ்ந்துவிட, அழுதுகொண்டே உள்ளே ஓடினான். “அது வந்துடக் கூடாது, பாவம்.”

பையன் மறைந்து, மேடை காலியாகி, பிள்ளைகள் வரிசையாக நுழைவது 1:12:37-இல். ffmpeg என்ற இலவச மென்பொருளில் இப்படி எழுதினேன்:

```
ffmpeg -ss 01:12:37 -i vizha.mp4 -t 250 -c copy kummi.mp4
```

அந்த இடத்திலிருந்து 250 விநாடி எடு என்பது கட்டளை. உயிர்நாடி `-c copy`தான். வீடியோவைப் பிரித்துப் படமாக்கி, மறுபடி சுருக்கி எழுதாதே. சுருக்கிய நிலையில் இருப்பதை அப்படியே அள்ளிப் புதுக் கோப்பில் வை என்று பொருள். இதை ஸ்ட்ரீம் காப்பி என்பார்கள். படத்தின் தரம் ஒரு துளியும் குறையாது, வேலையும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். சரியாகப் பிள்ளைகள் நுழையும் இடத்தில் தொடங்கியது. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் தங்கையிடமிருந்து போன். “அண்ணா, டிவியில போட்டா அந்தப் பையன் ஓடுறானே!”

கட்டளையில் பிழையில்லை. வீடியோ எழுதப்படும் விதம் அப்படி.

மளிகைக் கடைப் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றன்று வாங்கியதை மட்டும் ஒரு வரி எழுதுவார் அண்ணாச்சி. எப்போதாவது ஒருமுறை கூட்டிப் போட்டு ‘மொத்தப் பாக்கி’ என்று ஒரு வரி. நடுவில் ஏதோ ஒரு வரியிலிருந்து நோட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தால், அன்றைக்கு என்ன வாங்கினோம் என்று தெரியுமே தவிர மொத்தம் எவ்வளவு என்று தெரியாது. H.264 போன்ற முறைகளில் சுருக்கிய வீடியோவும் இதே கணக்குத்தான். விநாடிக்கு 25 படம் என்றால் 25-உம் முழுப் படங்களாக எழுதப்படுவதில்லை. எப்போதாவது ஒரு முழுப் படம். அதற்குப் பெயர் கீஃபிரேம். அடுத்தடுத்த படங்களுக்கு, முன்னதிலிருந்து எது மாறியதோ அது மட்டும். பின்னால் வரப்போகும் படத்தைப் பார்த்து எழுதப்படும் படங்களும் இடையில் உண்டு.

ஆகவே அப்படியே அள்ளி வைப்பவனுக்குக் கீஃபிரேமிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. நடுவிலிருந்து பலவந்தமாக எடுத்தால், அடுத்த கீஃபிரேம் வரும்வரை சாம்பல் நிறக் குழம்பில் கைகால்கள் மட்டும் அசைவதுபோல் ஏதோ தெரியும்.

என் கோப்பில் கீஃபிரேம்கள் எங்கே இருந்தன? அதைக் கேட்க ffmpeg-உடன் வரும் ffprobe இருக்கிறது:

```
ffprobe -v error -select_streams v:0 -skip_frame nokey \
 -read_intervals 01:12:25%01:12:45 \
 -show_entries frame=pts_time -of csv=p=0 vizha.mp4
```

விடை விநாடிக் கணக்கில் வந்தது:

```
4341.200000
4351.200000
4361.200000
```

நான் கேட்ட 1:12:37 என்பது 4357-ஆம் விநாடி. அதற்கு முந்தைய கீஃபிரேம் 4351.2. ஆக, 5.8 விநாடி முன்னாலிருந்தே ffmpeg அள்ளியிருக்கிறது. அந்த 5.8 விநாடியில்தான் பையன்.

சரியாகப் பத்துப் பத்து விநாடி இடைவெளி எப்படி? x264 என்ற பிரபலமான என்கோடர், வேறு சொல்லாவிட்டால், அதிகபட்சம் 250 படங்களுக்கு ஒரு கீஃபிரேம் போடும். விநாடிக்கு 25 படம் என்றால் அது பத்து விநாடி. காட்சி சட்டென்று மாறினால் அங்கேயும் ஒன்று போடும். பள்ளி வீடியோக்காரர் கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார் போலும். காட்சி மாறவே இல்லை. கைபேசியில் எடுக்கும் வீடியோக்களில் பலவற்றில் ஏறக்குறைய விநாடிக்கு ஒரு கீஃபிரேம் இருக்கும். அவற்றை வெட்டும்போது இந்தச் சறுக்கல் கண்ணில் படாததற்கு அதுதான் காரணம். பழைய மினி டிவி கேசட்டில் இந்தத் தொல்லையே கிடையாது. அதில் ஒவ்வொரு படமும் தனித்தனி முழுப் படம், எங்கு வேண்டுமானாலும் வெட்டலாம். விலை என்னவென்றால், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி.

சரி, என் மடிக்கணினியில் மட்டும் ஏன் ஒழுங்காக ஓடியது? mp4 கோப்புக்குள் எடிட் லிஸ்ட் என்று ஒரு சின்னக் குறிப்பு எழுத இடம் உண்டு. ‘முதல் 5.8 விநாடியைக் காட்டாதே, அதற்குப் பிறகு தொடங்கு’ என்று ffmpeg அதில் எழுதிவைத்தது. என் பிளேயர் குறிப்பை மதித்தது, தங்கை வீட்டு டிவி மதிக்கவில்லை.

சிலர் `-ss`-ஐ `-i`-க்குப் பின்னால் போட்டுப் பார்ப்பார்கள். நானும் போட்டேன். அப்போது ffmpeg பின்னோக்கிப் போகாது. 4357-இலிருந்து அடுத்த கீஃபிரேம் வரும்வரை படத்தை எழுதாமல் காத்திருக்கும். ஒலிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அது விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுள்ள துண்டுகளாக இருப்பதால் கேட்ட இடத்திலேயே தொடங்கிவிடும். முதல் 4.2 விநாடி பாட்டு மட்டும் கேட்கும்; திரை கறுப்பாகவோ உறைந்தோ நிற்கும். வெட்டிய வீடியோவில் இப்படி நடந்தால் காரணம் இதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

முடிவில் வெட்டுவதற்கு இவ்வளவு பாடு இல்லை. பற்று நோட்டைக் கீழே எங்கு கிழித்தாலும் மேலே உள்ள கணக்கு நிற்கும் அல்லவா? பின்னதைப் பார்த்து எழுதப்படும் படங்களால் ஓரிரு படம் அப்படி இப்படி ஆகலாம், அவ்வளவுதான்.

வெட்டும் துல்லியமாக வேண்டும், முழுவதையும் மறுபடி சுருக்கவும் கூடாது என்றால் ஒரு நடுவழி இருக்கிறது. 4357-லிருந்து 4361.2 வரையுள்ள 4.2 விநாடியை மட்டும் புதிதாக என்கோடு செய்து, மீதியை அப்படியே அள்ளி ஒட்டுவது. ஸ்மார்ட் கட் என்பார்கள். LosslessCut மென்பொருளில் இந்த வசதி உண்டு. ஆனால் அவர்களே அதைச் சோதனை நிலை என்றுதான் குறித்திருக்கிறார்கள். புதுத் துண்டும் பழைய துண்டும் ஒரே அமைப்பில் சுருக்கப்படாவிட்டால் ஒட்டிய இடத்தில் படம் சிதறும். ஒட்டை ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் அனுப்பக் கூடாது.

நாலு நிமிடக் கும்மிக்கு அந்த வம்பு எதற்கு? மறுபடி சுருக்கியே அனுப்பினேன்:

```
ffmpeg -ss 01:12:37 -i vizha.mp4 -t 250 \
 -c:v libx264 -crf 18 -c:a aac kummi2.mp4
```

சில நிமிடம் ஆனது. தரம் குறைந்ததா என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன், என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு மணி நேர வீடியோவில் முன்னும் பின்னும் கொஞ்சம் நறுக்க வேண்டும் என்றால் இன்றும் `-c copy`தான் போடுவேன். ஐந்தாறு விநாடி கூடுதலாக இருந்தால் யாருக்கு நஷ்டம்?

ஆனால் பிறர் பார்க்கக் கூடாது என்பதற்காக ஒரு பகுதியை வெட்டுகிறீர்கள் என்றால், ஸ்ட்ரீம் காப்பியை நம்பாதீர்கள். உங்கள் திரையில் தெரியாத விநாடிகள் கோப்புக்குள் அப்படியே இருக்கலாம். நான் முதலில் அனுப்பிய கோப்பு குடும்பக் குரூப்பில் 14 பேர் கைக்குப் போன பிறகுதான் அழிக்கச் சொன்னோம்.