கிலோவா, சிப்பமா? பகிர்ந்த ஷீட்டில் கணக்கு பிசகாமல் இருக்க ஒரு வழி

மழை, வெள்ளம் என்றால் இன்று நிவாரண வேலை இரண்டு இடங்களில் தொடங்குகிறது. ஒன்று, பொருள் வந்து குவியும் கல்யாண மண்டபம் அல்லது பள்ளிக்கூடம். இன்னொன்று, எல்லோர் கைபேசியிலும் திறந்திருக்கும் ஒரு கூகுள் ஷீட். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் உதவி கேட்டவர்களையும் கொடுத்தவர்களையும் இணைக்க இத்தகைய பகிர்ந்த ஷீட்டுகள் பெரிதும் பயன்பட்டன. அதன் பிறகு இது ஊர்தோறும் வழக்கமாகிவிட்டது.

ஆனால் பத்துப் பேர் நிரப்பும் ஷீட்டில் பத்து விதமான எழுத்து இருக்கும். மண்டபத்துக்கு வந்த அரிசியை ஐந்து பேர் பதிவு செய்ததாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் அளவு என்ற கட்டத்தில் 50 என்றும் அலகு என்ற கட்டத்தில் 'கிலோ' என்றும் எழுதுகிறார். அடுத்தவர் 30, 'kg'. மூன்றாமவர் 20, 'கிலோ' என்று எழுதி அதன் பின்னால் தெரியாமல் ஓர் இடைவெளியும் விடுகிறார். நான்காமவர் 4, 'சிப்பம்'. ஐந்தாமவர் அளவுக் கட்டத்திலேயே '10கிலோ' என்று சேர்த்து எழுதிவிடுகிறார். மாலையில் பொறுப்பாளர் மொத்தம் பார்க்க இப்படி ஒரு சூத்திரம் போடுகிறார்:

```
=SUMIFS(C2:C500, B2:B500, "அரிசி", D2:D500, "கிலோ")
```

விடை 50 என்று வருகிறது. சிப்பத்துக்கு 25 கிலோ என்று வைத்தால் மண்டபத்தில் இருப்பது 210 கிலோ. கண்ணெதிரே அரிசி அடுக்கியிருக்க, ஷீட்டை மட்டும் பார்க்கும் வெளியூர் நண்பர் “அரிசி தீர்ந்துபோச்சு, உடனே அனுப்புங்க” என்று செய்தி போடுவார். பாய், போர்வைக்குச் செலவாக வேண்டிய பணம் அரிசிக்குப் போகும்.

மூன்றாமவர் விட்ட இடைவெளியை அவர் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. கைபேசியின் தமிழ் விசைப்பலகை காட்டும் சொல்லைத் தொட்டால், சொல்லுக்குப் பின் இடைவெளியை அதுவே சேர்த்துவிடுகிறது. நம் கண்ணுக்கு இரண்டும் 'கிலோ'தான். SUMIFS எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால் அதற்கு இரண்டும் வேறு வேறு. இது உங்கள் ஷீட்டிலும் நடந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு காலிக் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=UNIQUE(D2:D500)
```

அலகு வரிசையில் இதுவரை எழுதப்பட்ட ஒவ்வொரு வடிவமும் ஒருமுறை கீழே வரிசையாக வரும். 'கிலோ' இரண்டு தடவை வந்தால் ஒன்றில் இடைவெளி ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

எழுத விடாமல், தேர்ந்தெடுக்க வைப்பது

இதற்கு மருந்து, அந்தக் கட்டத்தில் யாரும் தட்டச்சு செய்யத் தேவையில்லாமல் செய்வது. கட்டத்தைத் தொட்டால் பட்டியல் விரியும். அதில் ஒன்றைத் தொட்டால் போதும். கணினியில் இதை அமைக்கப் பத்து நிமிடம் ஆகாது.

முதலில் கீழே + குறியை அழுத்தி அதே கோப்பில் ஒரு புதிய தாள் திறந்து, அதற்குப் 'பட்டியல்' என்று பெயரிடுங்கள். அதன் A வரிசையில், A2 தொடங்கி, அலகுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: கிலோ, சிப்பம் 25, சிப்பம் 26, லிட்டர், பாக்கெட், எண்ணிக்கை, மற்றவை. பிறகு பதிவுத் தாளுக்கு வந்து, அலகு எழுதும் கட்டங்கள் எல்லாவற்றையும், அதாவது D2 முதல் D500 வரை, தேர்ந்தெடுங்கள். மேலே Data > Data validation போய் Add rule அழுத்துங்கள். வலப்பக்கம் திறக்கும் பலகையில் Criteria என்ற இடத்தில் Dropdown (from a range) என்பதைத் தேர்ந்து, கீழே உள்ள பெட்டியில் இதை எழுதுங்கள்:

```
='பட்டியல்'!$A$2:$A$20
```

பட்டியலில் ஏழு அலகுதான் இருக்கிறது, 20 வரை எதற்கு என்று கேட்கலாம். காலிக் கட்டங்கள் விரியும் பட்டியலில் தெரியாது. நாளைக்கு யாராவது பால் பவுடர் 'டின்' கொண்டுவந்தால் பட்டியல் தாளில் ஒரு வரி சேர்த்தால் போதும். எல்லோருக்கும் அது உடனே தெரியும். விதியைத் திறந்து திருத்த வேண்டியதில்லை.

அதே பலகையில் Advanced options என்பதைத் திறந்தால் ஒரு முக்கியமான முடிவு காத்திருக்கும். பட்டியலில் இல்லாததை ஒருவர் எழுதினால் என்ன செய்வது? Show a warning என்றால் எழுதியது அப்படியே நிற்கும். கட்டத்தின் மூலையில் சிவப்பு முக்கோணம் மட்டும் தோன்றும். Reject the input என்றால் ஏற்கவே ஏற்காது. அலகுக்கும் நிலைக்கும் இரண்டாவதையே வையுங்கள். அவசரத்தில் இருப்பவர் மூலையில் உள்ள முக்கோணத்தைப் பார்க்கமாட்டார். Show help text for a selected cell என்பதையும் இயக்கி, 'பட்டியலில் இல்லையென்றால் மற்றவை என்பதைத் தொட்டு, குறிப்பில் எழுதவும்' என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள். எழுதியது ஏற்கப்படாதபோது இந்த வாசகம்தான் உதவியாளர் முன் வரும்.

'மற்றவை' இல்லாத பட்டியல் பொய்யை வளர்க்கும். தன் பொருளுக்கு இடம் இல்லாத உதவியாளர் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தத் தவறு பிறகு கண்ணிலேயே படாது. 'மற்றவை' என்று வந்த வரிகளை இரவில் ஒருவர் பார்த்துச் சரிசெய்தால் போதும்.

அளவு வரிசைக்கும் ஒரு விதி வேண்டும். C2 முதல் C500 வரை தேர்ந்தெடுத்து, Criteria இடத்தில் Greater than, அதில் 0, கீழே Reject the input. இனி '10கிலோ' என்று யாரும் சேர்த்து எழுத முடியாது. எண் மட்டும்தான் உள்ளே போகும்.

சிப்பம் என்றால் எத்தனை கிலோ?

எழுத்தை ஒழுங்காக்கியதோடு வேலை முடியவில்லை. எல்லோரும் 'சிப்பம்' என்றே தேர்ந்தாலும், எல்லோர் மனத்திலும் ஒரே எடை இருக்கிறதா? அரிசிச் சிப்பம் என்றால் நெடுங்காலம் 25 கிலோ. 2022 ஜூலை 18 முதல், அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசியில் 25 கிலோ வரையிலான பைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதன் பிறகு 26 கிலோ பைகளும் கடைக்கு வந்தன. நூறு சிப்பம் வந்தால் நூறு கிலோ வித்தியாசம். அதனால்தான் மேலே பட்டியலில் 'சிப்பம் 25', 'சிப்பம் 26' என்று இரண்டாகப் பிரித்தேன். 'மூட்டை' என்ற சொல்லைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. ஒருவருக்கு அது 50 கிலோ, இன்னொருவருக்கு 75.

பட்டியல் தாளின் B வரிசையில், ஒவ்வோர் அலகுக்கும் எதிரே அது எத்தனை கிலோ என்று எழுதிவிடுங்கள்: கிலோவுக்கு 1, சிப்பம் 25-க்கு 25, சிப்பம் 26-க்கு 26. கிலோவில் சொல்ல முடியாதவற்றைக் காலியாக விடுங்கள். பிறகு பதிவுத் தாளின் G2-வில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(D2="", "", C2*VLOOKUP(D2, 'பட்டியல்'!A:B, 2, FALSE))
```

நம் ஐந்து பேரும் இப்போது தேர்ந்தெடுத்தே பதிவு செய்கிறார்கள். G வரிசையில் 50, 30, 20, 100, 10 என்று வரும். கூட்டினால் 210. உதவியாளர்கள் யாரும் பெருக்கல் போடவில்லை. தாங்கள் எண்ணியதை எண்ணியபடியே எழுதினார்கள்.

'அனுப்பியாச்சு' போதாது

நிலை வரிசையில்தான் சண்டை வரும். 'அனுப்பியாச்சு' என்று ஒருவர் எழுதினால், லாரியில் ஏற்றியாயிற்றா, லாரி புறப்பட்டதா, தூத்துக்குடியில் இறங்கிவிட்டதா? 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் சாலைகள் அறுந்து கிடந்தபோது இவற்றுக்கு இடையே நாள்கணக்கில் தூரம் இருந்தது. ஆகவே நிலைகள் குறைவாகவும், ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு செயலாகவும் இருக்க வேண்டும். நான்கு போதும். 'இருப்பில்' என்றால் மண்டபத்தில் இருக்கிறது. 'ஏற்றியது' என்றால் வண்டியில் ஏறிவிட்டது. 'சேர்ந்தது' என்றால் பெற்றுக்கொண்டவர் போனில் உறுதி சொல்லிவிட்டார். 'கழித்தது' என்றால் நனைந்தோ கெட்டோ போனதால் ஒதுக்கியது. பட்டியல் தாளில் இந்த வரிசையிலேயே எழுதுங்கள். விரியும்போதும் அதே வரிசையில் வரும்.

ஒரு சிக்கல் முதல் நாளே வரும். பத்துச் சிப்பம் வந்து, ஆறு மட்டும் வண்டியில் ஏறினால் எந்த நிலையைத் தொடுவது? அந்த வரியை இரண்டாக்க வேண்டும்: 4 சிப்பம் இருப்பில், 6 சிப்பம் ஏற்றியது. ஒரு வரிக்கு ஒரே நிலை என்பதை உதவியாளர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் “அண்ணா, அரிசி இன்னும் எவ்வளவு இருக்கு?” என்று கேட்பவருக்கு இந்த ஒரு வரியே பதில் சொல்லும்:

```
=SUMIFS(G2:G500, B2:B500, "அரிசி", E2:E500, "இருப்பில்")
```

இங்கே B வரிசையில் பொருளின் பெயரும் பட்டியலிலிருந்தே வர வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 'அரிசி', 'பொன்னி அரிசி', 'rice' என்று மூன்று பெயர் வந்தால் பழைய கதைதான்.

எங்கே உடையும்?

விதி போட்டால் பழைய பதிவுகள் தாமாகத் திருந்தாது. பொருந்தாதவற்றின் மூலையில் சிவப்பு முக்கோணம் வரும். அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுத் திருத்துங்கள். இடைவெளிகளை மட்டும் நீக்க, அந்த வரிசையைத் தேர்ந்து Data > Data cleanup > Trim whitespace போதும்.

பெரிய ஓட்டை, ஒட்டுவதில் இருக்கிறது. வேறு இடத்திலிருந்து ஒரு கட்டத்தை நகலெடுத்து இங்கே ஒட்டினால், நகலோடு அந்தக் கட்டத்தின் தன்மையும் வந்து நம் விதியை அழித்துவிடும். கட்டத்தைத் தொட்டும் பட்டியல் விரியவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். கணினியில் ஒட்டுபவர்கள் Ctrl+Shift+V அழுத்தினால் மதிப்பு மட்டும் வரும், விதி தப்பிக்கும். 'பட்டியல்' தாளை Data > Protect sheets and ranges மூலம் பூட்டி, ஓரிருவர் மட்டும் திருத்தும்படி வையுங்கள். ஆனால் பதிவுத் தாளின் கட்டங்களைத் திறந்துவைத்துவிட்டு, அவற்றின் விதியை மட்டும் பூட்ட வழியில்லை. எழுத அனுமதி பெற்றவர் விதியையும் மாற்ற முடியும். ஆகவே தினமும் ஒருமுறை UNIQUE போட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தப் பட்டியல் எழுத்தைத்தான் காவல் காக்கும், உண்மையை அல்ல. 25 கிலோ பையை 26 என்று தொட்டவரை அது தடுக்காது. நாளுக்கு ஒருமுறை ஒருவர் மண்டபத்தில் நின்று சிப்பங்களை எண்ணி, ஷீட்டில் 'இருப்பில்' உள்ளதோடு ஒப்பிட்டாக வேண்டும். அடுத்த மழை வருவதற்குள், வேலை இல்லாத ஒரு மாலையில் இந்த ஷீட்டை அமைத்து வைத்துவிடுங்கள். பொருள் வந்து இறங்கத் தொடங்கிய பிறகு அதற்கு யாருக்கும் நேரம் இருக்காது.