12 வருட அனுபவம், ஒரு பக்கக் கடிதம்

சாஃப்ட்வேர் இன்ஜினியராக 12 வருடம் வேலை பார்த்தவர் ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். கவர் லெட்டரின் முதல் வரி பெரும்பாலும் இப்படி வந்து விழும்: “ஜாவாவில் 12 வருட அனுபவம். பேமென்ட் சிஸ்டத்தை வடிவமைத்திருக்கிறேன்.” பொய்யில்லை. ஆனால் படிப்பவர் கண்ணுக்கு இவர் இன்னொரு நல்ல இன்ஜினியர், அவ்வளவுதான். எப்படிக் கட்டுவது என்பது இன்ஜினியரின் கவலை. எதைக் கட்டுவது, யாருக்காக, எதை இப்போதைக்குத் தள்ளிப்போடுவது என்பது ப்ராடக்ட் மேனேஜரின் கவலை. கடிதம் பேச வேண்டியது இதைத்தான்.

அதற்காகத் தலைமைப் பண்பு, குழு உணர்வு என்று அடுக்கத் தொடங்கினால் கெட்டது. அவை எல்லார் கடிதத்திலும் இருக்கின்றன. ஒரே ஒரு சம்பவம் போதும்.

இவர் பஸ் டிக்கெட் செயலியில் வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை என்று புகார்கள் குவிகின்றன. பேமென்ட் பகுதியையே மாற்றி எழுத மூன்று மாதம் ஆகும் என்று டீம் கணக்குப் போடுகிறது. இவர் இரண்டு நாள் கஸ்டமர் கேரில் உட்கார்ந்து போன் அழைப்புகளைக் கேட்கிறார். திரை சும்மா சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பயந்துபோய்ப் பலர் இரண்டாவது தடவையும் பணம் கட்டியிருக்கிறார்கள். அதனால் முதலில் ஒரு சின்ன மாற்றம்: “பணம் கிடைத்தது, டிக்கெட் உறுதியாகிறது” என்று ஒரு திரை, அதுவரை மறுபடி பணம் கட்டும் பட்டனுக்குப் பூட்டு. இரண்டு வார வேலை. இரட்டைக் கட்டணப் புகார் பாதியாகக் குறைகிறது. பெரிய வேலை அடுத்த காலாண்டுக்குப் போகிறது. முரண்டு பிடித்த சீனியரிடம் அந்த அழைப்புகளைப் போட்டுக் காட்டிச் சம்மதிக்க வைக்கிறார்.

ப்ராடக்ட் மேனேஜருக்குக் கீழே பெரும்பாலும் யாரும் நேரடியாக வேலை பார்ப்பதில்லை. அதிகாரம் இல்லாமல் ஒத்துக்கொள்ள வைப்பதுதான் அவருடைய பிழைப்பு. அந்தச் சீனியர் கதையில் அது தானாகத் தெரிந்துவிடுகிறது. பழைய நிறுவனத்தின் உள் எண்களை மட்டும் கடிதத்தில் கொட்ட வேண்டாம்; “பாதியாகக் குறைந்தது” என்றால் போதும். ரகசியம் காக்கத் தெரியாதவர் என்ற பெயர் நமக்கெதற்கு?

குறையையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். விலை நிர்ணயம் செய்ததில்லை என்றால் செய்ததில்லை என்றே எழுதுங்கள். மறைத்தால் முதல் இன்டர்வியூவிலேயே அது வெளியே வந்துவிடும்.

அனுப்பும் முன் கடிதத்திலுள்ள வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். எழுதினேன், வடிவமைத்தேன், மேம்படுத்தினேன் என்று மட்டுமே இருந்தால் அது பழைய வேலைக்கான கடிதம். கேட்டேன், தள்ளிப்போட்டேன், அளந்து பார்த்தேன் என்று இருந்தால் அனுப்பலாம்.