மிஸ் குறைந்தால் மட்டும் போதுமா?

கணினியின் மூளையான பிராசசர், நினைவகத்திலிருந்து ஒரே ஒரு எண்ணைக் கேட்டாலும் அந்த எண் தனியாக வருவதில்லை. அதை ஒட்டியிருக்கும் பைட்டுகளையும் சேர்த்து ஒரு துண்டாகத்தான் கேஷ் வாங்கி வைத்துக்கொள்ளும். அந்தத் துண்டுக்குப் பிளாக் என்று பெயர். அதன் அளவு 16 பைட்டா, 64 பைட்டா, 256 பைட்டா என்பதைச் சிப்பை வடிவமைப்பவர்கள் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். பிறகு மாற்ற முடியாது.

இதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதைக் காட்ட, ஹென்னசியும் பேட்டர்சனும் எழுதிய கணினிக் கட்டமைப்புப் பாடநூலில் நல்லதொரு கணக்கு இருக்கிறது. டெக்ஸ்டேஷன் 5000 என்ற கணினியில் ஸ்பெக்92 சோதனை நிரல்களை ஓட்டி எடுத்த அளவீடுகள் அதற்கு அடிப்படை. கேட்டது கேஷில் இல்லாமல் நினைவகம் வரை போக வேண்டி வந்தால் அது ஒரு மிஸ். நூறு முறை கேட்டால் எத்தனை மிஸ் என்பதைக் கீழேயுள்ள அட்டவணை சொல்கிறது. மேல் வரிசையில் இருப்பது கேஷின் மொத்தக் கொள்ளளவு.

| பிளாக் | 4 கே.பி. | 16 கே.பி. | 64 கே.பி. | 256 கே.பி. |
|---|---|---|---|---|
| 16 பைட் | 8.57% | 3.94% | 2.04% | 1.09% |
| 32 பைட் | 7.24% | 2.87% | 1.35% | 0.70% |
| 64 பைட் | 7.00% | 2.64% | 1.06% | 0.51% |
| 128 பைட் | 7.78% | 2.77% | 1.02% | 0.49% |
| 256 பைட் | 9.51% | 3.29% | 1.15% | 0.49% |

முதலில் 4 கே.பி. பத்தியை மேலிருந்து கீழாகப் படியுங்கள். பிளாக் பெரிதாகப் பெரிதாக மிஸ் குறைகிறது. ஒரு எண்ணைத் தொட்ட நிரல் அடுத்த எண்ணையும் விரைவில் தொடும் என்பதால், சேர்ந்து வந்த பைட்டுகளுக்கு வேலை இருக்கிறது. ஆனால் 64 பைட்டைத் தாண்டியதும் மிஸ் மறுபடி ஏறுகிறது. 4 கே.பி. கேஷில் 256 பைட் பிளாக் வெறும் 16தான் அடங்கும். நிரல் ஒரே சமயத்தில் இருபது வெவ்வேறு இடங்களைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஒன்று உள்ளே வரும்போது இன்னொன்று வெளியே போகும்; போனது அடுத்த நொடியே தேவைப்படும்.

இனி அட்டவணையில் மிகச் சிறிய எண்ணைத் தேடி அதுதான் விடை என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொன்னால் நான்கில் மூன்று பத்திகளில் விடை தப்பாகிவிடும். ஒரு மிஸ்ஸுக்கு ஆகும் செலவு எல்லா பிளாக்குக்கும் ஒன்றல்ல.

இந்தக் கணக்கில் நினைவகம் பதில் தரத் தொடங்குவதற்கே 80 சைக்கிள் ஆகிறது. அதன் பிறகு ஒவ்வொரு 16 பைட்டுக்கும் 2 சைக்கிள். வெளியூர்ச் சந்தைக்குப் போகும் பஸ் கட்டணம் போன்றது அந்த 80. ஒரு கிலோ வாங்கினாலும் பத்து கிலோ வாங்கினாலும் அதை ஒரு முறைதான் கொடுக்கிறோம். ஆகவே 16 பைட் பிளாக்குக்கு 82 சைக்கிள், 32க்கு 84, 64க்கு 88, 128க்கு 96, 256க்கு 112.

பலர் சறுக்குவது இங்கேதான். 64 பைட் என்பது நான்கு பதினாறு. எனவே 82ஐ நான்கால் பெருக்கி 328 என்று எழுதிவிடுவார்கள். தாமதத்தையும் சேர்த்துப் பெருக்கிவிட்டார்கள். இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. அப்படிக் கணக்குப் போட்டால் எல்லா பத்தியிலும் 16 பைட்டே வென்றுவிடும். கேஷ் எவ்வளவு பெரிதானாலும் மிகச் சிறிய பிளாக்கே சிறந்தது என்று விடை வந்தால், பெருக்கலைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

கேஷில் கிடைத்துவிட்டால் ஆகும் நேரம் 1 சைக்கிள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி நேரம் என்பது அந்த 1 சைக்கிளோடு, மிஸ் விகிதத்தை மிஸ் செலவால் பெருக்கி வருவதைக் கூட்டினால் கிடைப்பது. 4 கே.பி. கேஷில் 32 பைட்டுக்கு 0.0724 × 84 என்பது 6.08, ஒன்றைக் கூட்டினால் 7.08 சைக்கிள். 64 பைட்டுக்கு 0.07 × 88 என்பது 6.16, மொத்தம் 7.16. மிஸ் குறைவு 64 பைட்டில், நேரம் குறைவு 32 பைட்டில். வெல்வது 32.

மற்ற மூன்று பத்திகளிலும் 64 பைட்டே முந்துகிறது. 16 கே.பி.யில் 3.32 சைக்கிள், 64 கே.பி.யில் 1.93, 256 கே.பி.யில் 1.45. 64 கே.பி. பத்தியில் 128 பைட்டுக்கு மிஸ் இன்னும் குறைவுதான். ஆனால் அதன் சராசரி 1.98.

இருபது கட்டங்களையும் கணக்குப் போடாமலே விடையை எட்ட ஒரு வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிளாக்கை இரட்டிப்பாக்கினால் மிஸ் செலவு எவ்வளவு கூடுகிறதோ, அதை ஈடுகட்டும் அளவுக்கு மிஸ் விகிதம் குறைய வேண்டும். 32லிருந்து 64க்குப் போனால் செலவு 84லிருந்து 88 ஆகிறது. இதை ஈடுகட்ட மிஸ் விகிதம் சுமார் 4.5 சதவீதமாவது குறைய வேண்டும். 4 கே.பி.யில் அது 7.24லிருந்து 7.00க்கு, அதாவது 3.3 சதவீதம்தான் குறைகிறது. போதாது, 32லேயே நின்றுவிடலாம். 16 கே.பி.யில் 2.87லிருந்து 2.64க்கு, 8 சதவீதம் குறைகிறது. தாராளமாக மேலே போகலாம். அடுத்த படியான 128க்கு 8.3 சதவீதக் குறைவு வேண்டும். எந்தப் பத்தியிலும் அது இல்லை.

நினைவகம் மாறினால் விடையும் மாறும். தாமதம் 80க்குப் பதில் 20 சைக்கிள், 16 பைட்டுக்கு 2க்குப் பதில் 4 சைக்கிள் என்று வைத்துப் பாருங்கள். மிஸ் செலவு 16 பைட்டுக்கு 24, 32க்கு 28, 64க்கு 36. அதே 16 கே.பி. கேஷில் சராசரி முறையே 1.95, 1.80, 1.95. இப்போது 32 வெல்கிறது. தாமதம் நீண்டு, தரவு விரைவாகப் பாயும் நினைவகம் பெரிய பிளாக்கை விரும்பும். தாமதம் குறைந்து, மெல்லப் பாய்வது சிறிய பிளாக்கை விரும்பும்.

இந்த விடைகளை எவ்வளவு நம்பலாம்? 7.08க்கும் 7.16க்கும் இடையே ஒரு சதவீத வித்தியாசம்தான். வேறு நிரல்களை ஓட்டி அளந்தால் அது கவிழ்ந்துவிடக்கூடும். முழு பிளாக்கும் வந்து சேரும்வரை பிராசசர் காத்திருக்கிறது என்றும் இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. கேட்ட சொல்லை முதலில் அனுப்பி, மீதியைப் பின்னால் அனுப்பும் வடிவமைப்புகள் உண்டு. அவற்றில் பெரிய பிளாக்கின் சுமை ஓரளவு குறையும். பல கோர்கள் ஒரே நினைவகத்துக்குப் போட்டி போடும்போது நேர்மாறாக நடக்கும். வேண்டாத பைட்டுகளும் பாதையை அடைத்துக்கொள்ளும். அட்டவணை அதைக் காட்டாது.

லினக்ஸ் கணினி இருந்தால் டெர்மினலில் இதைத் தட்டிப் பார்க்கலாம்:

```
getconf LEVEL1_DCACHE_LINESIZE
```

இன்டெல், ஏஎம்டி சிப் உள்ள இன்றைய கணினிகளில் 64 என்று வரும். பென்டியம் 3 காலத்தில் அது 32 ஆக இருந்தது. ஆப்பிளின் எம்1 சிப்பில் 128. டிடிஆர்4 நினைவகம் 8 பைட் அகலப் பாதையில் ஒரு தொடராக எட்டு முறை தரவை அனுப்புகிறது. எட்டெட்டு அறுபத்து நான்கு. ஒரு பிளாக் முழுதாக வந்து சேர்ந்துவிடும்.